600 பிக்சலுக்குள் ஒரு தலைப்பு

நிலம் வாங்கிய ஒருவர் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். கைப்பேசியில் கூகிளைத் திறந்து ‘பட்டா மாறுதல்’ என்று தட்டுகிறார். வரிசையாகப் பத்து முடிவுகள் வருகின்றன. ஒன்றில் ‘பட்டா மாறுதல்: ஆன்லைனில் விண்ணப்பிப்பது எப்படி?’ என்று நீல எழுத்தில் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள முடிவில் ‘தமிழ்நாடு அரசு வருவாய்த் துறை வழிகாட்டி: ஆன்லைனில் ...’ என்று பாதியில் நின்ற ஒரு வரி. இரண்டாவது பக்கத்தில் இன்னும் நல்ல விவரம் இருக்கலாம். ஆனால் தேடி வந்தவர் தட்டிய சொல் அந்த வரியில் எங்குமே கண்ணில் படவில்லை. அவர் விரல் முதலாவதன் மேல்தான் போகும்.

இரண்டாவது தலைப்பை எழுதியவர் அந்தச் சொல்லை விட்டுவிடவில்லை. ‘பட்டா மாறுதல்’ என்று எழுதித்தான் இருக்கிறார், ஆனால் அது வரியின் வெட்டுப்பட்ட பகுதியில் மாட்டிக்கொண்டது. தமிழில் இணையப் பக்கம் நடத்துகிறவர்களிடம் இந்தத் தவறு நிறையவே காணப்படுகிறது. ஆங்கிலத்துக்காகச் சொல்லப்பட்ட ‘60 எழுத்துக்குள் எழுது’ என்ற அறிவுரையைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்வது இதற்கு ஒரு பெரிய காரணம். அந்த 60 எங்கிருந்து வந்தது, தமிழில் அது ஏன் செல்லாது, அதற்குப் பதில் எதை அளக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் எந்தத் தலைப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். ஒரு பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் வாசகர் காண்பது வேறு. பக்கத்தின் நிரலுக்குள் தலைப்புக் குறி ஒன்று தனியாக இருக்கிறது:

```html
<title>பட்டா மாறுதல்: ஆன்லைனில் விண்ணப்பிப்பது எப்படி?</title>
```

பக்கத்துக்குள் இது தெரியாது. உலாவியின் தாவலில் இதன் தொடக்கம் மட்டும் தெரியும். தேடல் முடிவில் நீல வரியாக நிற்பதும் பெரும்பாலும் இதுதான். வேர்ட்பிரஸ் போன்ற தளங்களில் செருகுநிரல் சேர்த்தால் இதற்கென்று ஒரு தனிப் பெட்டி கிடைக்கும். அதை நிரப்பாமல் விட்டால் கட்டுரைத் தலைப்பே இங்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் குறிக்குள் எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுதலாம். கூகிளின் வழிகாட்டி ஆவணம் இதற்கு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. காட்டும்போது சாதனத்தின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுவோம் என்று மட்டும் சொல்கிறது. ஆக, வெட்டு நடப்பது காட்சியில். வெட்டப்பட்ட சொற்களையும் தேடுபொறி படித்துத்தான் வைத்திருக்கிறது. அதனால்தான் ‘பட்டா மாறுதல்’ வெளியே தெரியாத பக்கமும் அந்தத் தேடலுக்கு மேலே வர முடிகிறது. இழப்பு நேர்வது அதற்கு அடுத்த கட்டத்தில், மனிதர் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அந்த ஓரிரு நொடியில்.

மேசைக் கணினித் திரையில் கூகிள் முடிவுகள் நிற்கும் பத்தியின் அகலம் ஏறக்குறைய 600 பிக்சல். 2014இல் கூகிள் தலைப்பு எழுத்தைப் பெரிதாக்கியபோது இந்த அகலம் 512 ஆகத்தான் இருந்தது. 2016இல் பத்தி அகலப்பட்டது. இன்று தலைப்பு ஏரியல் எழுத்துருவில் 20 பிக்சல் அளவில் வருகிறது. வெட்டு விழும்போது மூன்று புள்ளிகளுக்கும் ஓர் இடைவெளிக்கும் இடம் வேண்டும். ஏரியலில் புள்ளியும் இடைவெளியும் இந்த அளவில் ஐந்தரைப் பிக்சல் சொச்சம். நான்கையும் கூட்டினால் 22. தலைப்பை 580 பிக்சலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. வெட்டு விழும் வரியில் சொற்களுக்குக் கிடைக்கும் இடம் உண்மையில் அவ்வளவுதான்.

அப்படியானால் 60 எழுத்து? அது வெறும் சராசரி. ஏரியலில் ஆங்கிலச் சிற்றெழுத்து `i` இந்த அளவில் நாலரைப் பிக்சல்கூட இல்லை. பேரெழுத்து `W` கிட்டத்தட்ட 19 பிக்சல். அறுபது `i` சேர்ந்தால் 270 பிக்சலுக்குள் அடங்கிவிடும், அறுபது `W` சேர்ந்தால் 1,100ஐத் தாண்டும். சாதாரண ஆங்கில வாக்கியத்தில் ஒல்லி எழுத்தும் பருத்த எழுத்தும் கலந்து வருவதால், ஓர் எழுத்துக்குப் பத்துப் பிக்சல் என்று ஈடாகி, 600க்கு 60 என்று ஆகிறது. ஆங்கிலத்திலேயே இது தோராயம்தான்.

தமிழுக்கு வரும்போது ‘எழுத்து’ என்று எதை எண்ணுகிறோம் என்பதே சிக்கலாகிவிடுகிறது. ‘தமிழ்நாடு’ என்பது நமக்கு ஐந்து எழுத்து. த, மி, ழ், நா, டு. கணினியைக் கேட்டால் ஒன்பது என்னும். யூனிகோடில் ‘மி’ என்பது ம ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. ‘ழ்’ என்பது ழ ஒன்று, புள்ளி ஒன்று, அதுவும் இரண்டு. திரையில் புள்ளி தனியாக எந்த இடத்தையும் எடுப்பதில்லை, எழுத்தின் தலைக்கு மேல் உட்கார்ந்துகொள்கிறது. ‘கொ’ கணினிக்கு இரண்டே குறிதான், ஆனால் திரையில் கொம்பு, க, கால் என்று மூன்று வடிவங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று மூன்றுக்கான இடத்தையும் பிடிக்கும். எண்ணிக்கை ஒரு பக்கம் போக, அகலம் வேறு பக்கம் போகிறது.

இதனால் 60ஐ இரண்டு விதமாகத் தவறவிடலாம். நம் வழக்கப்படி 60 தமிழெழுத்து எண்ணி எழுதினால் தலைப்பு ஏறக்குறைய இருமடங்கு நீளமாகிவிடும். கணினி காட்டும் குறிகளின் எண்ணிக்கையை நம்பினால் சில தலைப்புகள் அடங்கும், சில அடங்காது. மெய்யெழுத்து மிகுந்த தலைப்பில் புள்ளிகள் எண்ணிக்கையை வீணாகக் கூட்டிக் காட்டும். கொம்பும் காலும் கொண்ட உயிர்மெய் மிகுந்த தலைப்பில் நேர்மாறாக, எண்ணிக்கை குறைவாகத் தெரியும்போதே வரி வழிந்துவிடும். எழுத்துக்கு எழுத்து அகலமும் மாறுகிறது. ர, ப, ட மூன்றும் ஒல்லி. ன, ள, ஞ பருமன். ண அதைவிடப் பருமன், அதில் ஐகாரம் சேர்ந்து ‘ணை’ ஆனால் இரண்டு மூன்று ஒல்லி எழுத்துகளின் இடத்தை ஒன்றே விழுங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஏரியலில் தமிழே கிடையாது. தமிழ் எழுத்து வரும் இடத்தில் உலாவி, கணினியில் உள்ள வேறொரு எழுத்துருவை எடுத்துப் போடும். இன்றைய விண்டோஸில் நிர்மலா, பழைய விண்டோஸில் லதா, ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் நோட்டோ, ஆப்பிள் கருவிகளில் தமிழ்ச் சங்கம். நான்கும் ஒரே அகலம் கொண்டவை அல்ல. எனவே தலைப்பை எழுதுபவர் தன் கணினியில் பார்த்த அகலம், வாசகர் கையில் உள்ள கருவியில் கூடவோ குறையவோ இருக்கும். ஆங்கிலத்துக்கு 580 வரை போகலாம் என்றால், தமிழில் 530, 540ஐத் தாண்டாமல் கொஞ்சம் இடம் விட்டு எழுதுவதுதான் பாதுகாப்பு.

மனக்கணக்குக்கு ஓர் அளவுகோல் வேண்டுமானால், தமிழ் முறைப்படி எண்ணிய ஓர் எழுத்துக்கு 20 பிக்சலை ஒட்டி என்று வைத்துக்கொள்ளலாம். இடைவெளிக்கு ஆறு. அப்படிப் பார்த்தால் ஒரு தலைப்பில் இருபத்தைந்து எழுத்து வரை கவலையில்லை. முப்பதை நெருங்கினால் அளந்து பார்த்தாக வேண்டும். இது தொடங்குவதற்கான தோராயம்தான், முடிவை அளவுதான் சொல்ல வேண்டும்.

அளப்பதற்குத் தனிக் கருவி தேவையில்லை. கணினி உலாவியில் F12 விசையை அழுத்தி, கன்சோல் என்ற பகுதியில் இதை ஒட்டினால் போதும்:

```js
const c = document.createElement('canvas').getContext('2d');
c.font = '20px Arial, "Nirmala UI"';
const w = s => Math.round(c.measureText(s).width);
w('பட்டா மாறுதல்');
```

கடைசி வரியில் மேற்கோள் குறிகளுக்குள் எதை வைத்தாலும் அதன் அகலம் பிக்சலில் வரும். அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி மாற்றி எத்தனை தலைப்பை வேண்டுமானாலும் அளக்கலாம். விண்டோஸ் கணினியில் இது நிர்மலா எழுத்துருவின் அகலத்தைச் சொல்லும். மற்ற கணினியில் அங்குள்ள தமிழ் எழுத்துரு எதுவோ அதன் அகலம் வரும். வேர்ட்பிரஸ் செருகுநிரல்கள் சில தலைப்புப் பெட்டிக்குக் கீழே பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று ஒரு பட்டை காட்டும். அதிலும் கவனம் வேண்டும். அது அகலத்தை அளக்கும் பட்டையா, குறிகளை எண்ணும் பட்டையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சோதிப்பது எளிது. ‘ர’ என்ற எழுத்தை இருபது முறை அடித்துப் பட்டை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அழித்துவிட்டு ‘ண’ இருபது முறை அடியுங்கள். இரண்டிலும் பட்டை ஒரே இடத்தில் நின்றால் அது எண்ணுகிறது, அளக்கவில்லை.

இங்கே பலர் செய்யும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முழுத் தலைப்பையும் அளந்து, 600க்குள் வரும்வரை சொல் சொல்லாகக் கழித்துக்கொண்டே போகிறார்கள். கடைசியில் அடங்கிவிடும், ஆனால் ‘பட்டா மாறுதல் வழிகாட்டி’ என்று எலும்பு மட்டும் மிஞ்சும். அந்தப் பக்கத்துக்கும் மற்ற ஒன்பது பக்கங்களுக்கும் வேறுபாடே தெரியாது. முழு நீளத்தைவிட முக்கியமான அளவு வேறொன்று: தலைப்பின் முதல் எழுத்திலிருந்து முதன்மைச் சொல், அதாவது கீவேர்டு, முடியும் இடம் வரை எத்தனை பிக்சல்? அந்த அளவு 300க்குள் இருந்தால் எந்தத் திரையிலும் அது தப்பாது. அதற்குப் பிறகு வருவது கொஞ்சம் வழிந்தாலும் குடி முழுகிவிடாது.

தொடக்கத்தில் சொன்ன தலைப்பையே இந்த அளவால் பார்க்கலாம். அதன் முழு வடிவம் இது:

‘தமிழ்நாடு அரசு வருவாய்த் துறை வழிகாட்டி: ஆன்லைனில் பட்டா மாறுதல் செய்வது எப்படி? முழு விவரம்’

‘ஆன்லைனில்’ முடியும்வரை 25 எழுத்து, ஐந்து இடைவெளி, ஒரு முக்காற்புள்ளி. நம் மனக்கணக்கில் 500, 30, 6, ஆக ஏறக்குறைய 540 பிக்சல். இன்னும் கீவேர்டு தொடங்கவே இல்லை. ‘பட்டா’வுக்கு 60 சேர்த்தால் 600 தொட்டுவிடும். புள்ளிகளுக்கு இடம் வேண்டுமே, அதனால் ‘பட்டா’ விளிம்பில் ஊசலாடுகிறது. ‘மாறுதல்’ நிச்சயம் வெளியே. எழுத்துரு ஒல்லியாக அமைந்த ஒரு கணினியில் இரண்டு சொல்லும் உள்ளே வந்துவிடலாம். எழுதியவர் கணினி அப்படிப்பட்டதாக இருந்தால், தலைப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்.

‘பட்டா’ மட்டும் தப்பிப் பிழைத்தால் அது ‘பட்டா’வும் இல்லாததைவிடக் குழப்பம். பட்டா நகல் எடுப்பது வேறு வேலை, பட்டாவில் பெயர் மாற்றுவது வேறு வேலை. நகல் தேடுபவர் இதைச் சொடுக்கி ஏமாந்து திரும்புவார், மாறுதல் தேடுபவர் தனக்கில்லை என்று தாண்டிப் போவார். இரண்டு சொல் சேர்ந்தால்தான் பொருள் தரும் கீவேர்டில் நடுவில் வெட்டு விழுவது இப்படிப்பட்ட கேடு.

தமிழில் வெட்டின் சேதம் கூடுவதற்கு இன்னொரு காரணம், நம் சொற்களின் நீளம். வெட்டு பொதுவாகச் சொல்லின் நடுவில் விழுவதில்லை, இடைவெளியில்தான் விழும். சொல் முழுதாக அடங்காவிட்டால் சொல்லே போய்விடும். ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்துச் சொல் ஒன்று போகும். தமிழில் ‘விண்ணப்பிப்பதற்கான’ என்று ஒரு சொல் விளிம்பில் நின்றால், ஒரு பிக்சல் கூடினாலும் இருநூறு பிக்சல் அளவுக்கு மொத்தமாகக் காணாமல் போகும். தலைப்பு 600க்கு எழுதப்பட்டு 400இல் நின்றுவிடும். அதனால் நீளமான சொல்லை வரியின் கடைசிப் பகுதியில் வைக்காமல் இருப்பது நல்லது. வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் அது போனாலும் பொருள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி மாற்றி எழுதலாம். கீவேர்டை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும், அதுவும் வேற்றுமை உருபு ஒட்டாமல். ‘பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கும் முறை’ என்றும் எழுதலாம், பிழையில்லை. ஆனால் ‘மாறுதலுக்கு’ என்பதில் கூடுதல் எழுத்துகளும் இருக்கின்றன, தேடியவர் தட்டிய வடிவமும் சிதைகிறது. கண் ஒரு பட்டியலை மேலிருந்து கீழே மேயும்போது தான் தட்டிய அதே வடிவத்தைத்தான் பிடிக்கும். சொல்லை வெறுமனே நிறுத்தி, பக்கத்தில் முக்காற்புள்ளி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஐந்தரைப் பிக்சல் செலவில் ஓர் உருபு மிச்சம்.

‘பட்டா மாறுதல்: ஆன்லைனில் விண்ணப்பிப்பது எப்படி?’

கீவேர்டு ஏழெழுத்தில் முடிகிறது. மனக்கணக்கில் 150 பிக்சலுக்குள். மொத்தம் 24 எழுத்து, குறிகளும் இடைவெளிகளும் சேர்த்து ஏறக்குறைய 520. ‘விண்ணப்பிப்பது’வில் இரண்டு ணகரம் வருவதால் மெய்யான அளவு கொஞ்சம் கூடலாம். நெருக்கடியாக இருந்தால் அதை ‘செய்வது’ ஆக்கலாம், நான்கு எழுத்து மிச்சமாகும். நான் மாற்ற மாட்டேன். ‘விண்ணப்பிப்பது’ என்ற சொல் பக்கத்தில் இருப்பது படிவம் பற்றிய விவரம் என்று சொல்கிறது, ‘செய்வது’ அதைச் சொல்லவில்லை. ‘ஆன்லைனில்’ என்பதற்குப் பதில் ‘இணையத்தில்’ என்று எழுத மனம் விரும்பலாம். எழுத்து ஆறு, அதில் ஒன்று ‘ணை’. அகலமும் கூடும், தேடுபவர் பலர் தட்டுவதும் ‘ஆன்லைன்’ தான்.

முதல் வடிவிலிருந்து நாம் கழித்தவை ‘தமிழ்நாடு அரசு வருவாய்த் துறை வழிகாட்டி’, ‘முழு விவரம்’ ஆகியவை. முதலாவது பக்கத்துக்குள் முதல் பத்தியில் இருக்க வேண்டிய செய்தி. தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் சிறு விளக்கத்திலும் அதற்கு இடமுண்டு. ‘முழு விவரம்’ எந்தப் பக்கத்தின் மேலும் ஒட்டக்கூடிய சொல், அதை எங்கும் வைக்கத் தேவையில்லை.

பல தளங்கள் தங்கள் பெயரை ஒவ்வொரு தலைப்பின் முன்னாலும் தானாகவே வருமாறு அமைத்திருக்கின்றன. தமிழில் பத்தெழுத்துப் பெயர் என்றால் 200 பிக்சல் அங்கேயே தீர்ந்தது. 2022 அக்டோபரிலிருந்து கூகிள் தளத்தின் பெயரைத் தலைப்புக்கு மேலே தனியாகக் காட்டத் தொடங்கிவிட்டது, முதலில் கைப்பேசியில், அடுத்த ஆண்டு கணினியிலும். எனவே உள்பக்கங்களின் தலைப்பில் பெயரை வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இன்று இல்லை. முகப்புப் பக்கத்தில் மட்டும் பெயர் முன்னால் நிற்கட்டும், ஏனென்றால் அங்கே தேடப்படும் சொல்லே அந்தப் பெயர்தான்.

கீவேர்டு முன்னால் வந்துவிட்டால் வேலை முடிந்ததா? ஒரு பக்கம் மட்டும் இருந்தால் முடிந்தது. ஒரே பொருளில் இரண்டு மூன்று பக்கங்கள் இருந்தால் புதிய சிக்கல் வருகிறது. பட்டா மாறுதலிலேயே இரண்டு வகை உண்டு. ஒரு புல எண்ணில் உள்ள நிலம் முழுவதையும் வாங்கினால் உட்பிரிவு தேவையில்லை, பெயர் மட்டும் மாறும். அதில் ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் நில அளவர் அளந்து புது உட்பிரிவு எண் தர வேண்டும். இரண்டுக்கும் நடைமுறை வேறு, எனவே இரண்டு பக்கம். இப்போது தலைப்புகள் இப்படி அமைந்தால்:

‘பட்டா மாறுதல்: ஆன்லைனில் விண்ணப்பிப்பது எப்படி? உட்பிரிவு இல்லாத நிலம்’

‘பட்டா மாறுதல்: ஆன்லைனில் விண்ணப்பிப்பது எப்படி? உட்பிரிவு செய்யும் நிலம்’

இரண்டிலும் கீவேர்டு பத்திரமாக இருக்கிறது. ஆனால் ‘எப்படி?’ முடியும்போதே 520 ஆகிவிட்டது. ‘உட்பிரிவு’ என்பதற்கு இன்னொரு நூறு பிக்சல் வேண்டும். இரண்டு தலைப்பும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு, எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரியும். பேருந்துப் பலகையில் ‘மதுரை வழி’ என்பது மட்டும் தெரிந்து, போகும் ஊர் மறைந்துபோனது போல. வேறுபடுத்தும் சொல்லும் வெட்டுக்கு முன்னால் வந்தாக வேண்டும்:

‘பட்டா மாறுதல்: உட்பிரிவு இல்லாத நிலத்துக்கு’

‘பட்டா மாறுதல்: உட்பிரிவு செய்யும் நிலத்துக்கு’

இரண்டும் 22 எழுத்து. முதலில் எல்லோரும் தேடும் சொல், அடுத்து இந்தப் பக்கத்தை மற்றதிலிருந்து பிரிக்கும் சொல், மீதி இடத்தில் வேறு எதுவும். ‘எப்படி’ போன்ற சொற்களுக்கு இங்கே இடமில்லாமல் போனது பரவாயில்லை.

தமிழில் தேடுபவர்கள் எல்லாரும் தமிழ் எழுத்தில் தட்டுவதில்லை என்பதும் கணக்கில் வர வேண்டும். `Patta Transfer` என்று ரோமன் எழுத்தில் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இதையும் தலைப்பில் சேர்க்கலாமா? ஏரியலில் இதன் அகலம் கிட்டத்தட்ட 127 பிக்சல், மொத்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். உங்கள் பக்கத்துக்கு வருகிறவர்கள் எப்படித் தட்டி வருகிறார்கள் என்பதைக் கூகிள் சர்ச் கன்சோல் சொல்லும். ரோமன் எழுத்துத் தேடல் கணிசமாக இருந்தால் ‘பட்டா மாறுதல் – `Patta Transfer`: விண்ணப்பிக்கும் முறை’ என்று தமிழ்ச் சொல்லுக்கு அடுத்து வைக்கலாம். ஒன்றிரண்டு பேர்தான் என்றால் அந்த 127 பிக்சலை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கைப்பேசியில் நிலைமை கொஞ்சம் தேவலை. அங்கே தலைப்பு ஒரு வரியில் அடங்காவிட்டால் அடுத்த வரிக்கு மடங்கும், வெட்டு பெரும்பாலும் தள்ளித்தான் விழும். ஆனால் மடங்கும் இடத்திலும் நீளமான தமிழ்ச் சொல் தன் வேலையைக் காட்டும். முதல் வரியின் மிச்சத்தில் அடங்காத சொல் முழுதாக அடுத்த வரிக்குப் போவதால் முதல் வரியில் பாதி வெறிச்சோடிக் கிடக்கும். இரண்டு வரி இருக்கிறதே என்று இருமடங்கு எழுதிவிட முடியாது. மேசைக் கணினியின் ஒரு வரிக்கு அளந்து எழுதினால் கைப்பேசியில் தானாகவே அடங்கும், தலைகீழாகச் செய்தால் அடங்காது.

இவ்வளவு அளந்து எழுதியும் கூகிள் நம் தலைப்பைக் காட்டாமல் வேறொன்றைக் காட்டுவது உண்டு. 2021 ஆகஸ்டில் தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூகிள் மாற்றியது. பக்கத்தில் உள்ள பெரிய தலைப்பு, பக்கத்துக்கு வரும் இணைப்புகளில் உள்ள சொற்கள் ஆகியவற்றிலிருந்தும் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. பலர் குறைகூறிய பிறகு செப்டம்பரில் சில திருத்தங்கள் செய்து, ஏறக்குறைய 87 சதவீதம் தலைப்புக் குறியில் உள்ளதையே பயன்படுத்துகிறோம் என்று அறிவித்தது. மிகவும் நீண்ட தலைப்பு, ஒரே கீவேர்டைத் திரும்பத் திரும்ப அடுக்கிய தலைப்பு, எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி வரும் தலைப்பு ஆகியவைதான் அதிகம் மாற்றப்படுகின்றன. மாற்றப்பட்டாலும் பாதகமில்லாமல் இருக்க ஒரு வழி உண்டு. பக்கத்துக்குள் உள்ள பெரிய தலைப்பையும் அதே கீவேர்டில் தொடங்குங்கள். கூகிள் எதை எடுத்தாலும் வரியின் முன்னால் ‘பட்டா மாறுதல்’ நிற்கும்.

இந்தச் சிக்கனம் தேடல் முடிவுக்கு மட்டுமே. வாட்ஸ்ஆப்பிலோ ஃபேஸ்புக்கிலோ இணைப்பைப் பகிரும்போது வரும் தலைப்புக்குத் தனிக் குறி உண்டு:

```html
<meta property="og:title" content="பட்டா மாறுதலுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும் முறை">
```

அங்கே உருபோடு முழு வாக்கியமாக எழுதலாம். நண்பர் அனுப்பிய இணைப்பைப் பார்ப்பவர் எதையும் தட்டித் தேடவில்லை, அதனால் கீவேர்டின் துல்லியமான வடிவம் அவருக்குத் தேவையில்லை. பக்கத்துக்குள் உள்ள பெரிய தலைப்பையும் இப்படித் தாராளமாக முடிக்கலாம். இரண்டும் தொடங்கும் சொல் மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

தலைப்பை மாற்றிய பிறகு அது உடனே தேடலில் தெரியாது. கூகிள் அந்தப் பக்கத்தை மறுபடி வந்து படிக்க வேண்டும். சர்ச் கன்சோலில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லலாம். சில நாளிலும் ஆகும், சில வாரமும் ஆகும். புதுத் தலைப்பு வந்துவிட்டதா என்று பார்க்க, முகவரியை மட்டும் தட்டிப் பார்ப்பது போதாது. தேடும் சொல்லுக்கு ஏற்ப வேறு தலைப்பு காட்டப்படலாம் என்பதால் வாசகர் தட்டும் அதே சொல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு சர்ச் கன்சோலில் ‘பட்டா மாறுதல்’ என்ற ஒரே தேடலை மட்டும் வடிகட்டி எடுத்து, மாற்றத்துக்கு முந்தைய 28 நாளையும் பிந்தைய 28 நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு: எத்தனை முறை கண்ணில் பட்டதற்கு எத்தனை சொடுக்கு, சராசரியாக எத்தனையாவது இடம். இடம் ஏறக்குறைய மாறாமல் இருந்து சொடுக்கு விகிதம் உயர்ந்திருந்தால் அது தலைப்பால் வந்தது. இடமும் மேலே ஏறியிருந்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, இன்னொரு 28 நாள் பொறுத்துப் பார்க்க வேண்டியதுதான்.